குதிகாலில் ஒரு துளி இரத்தம்

என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்த அன்று, அதன் காதில் பாங்கு சொல்லிவிட்டு வெளியே வந்து அமர்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துச் செவிலியர் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். எங்கள் உம்மா பதறிவிட்டார்கள். “நல்ல கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த வேதனை?” என்றார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

குழந்தைகள் நல மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்தது. தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடையும்; தாயின் இன்சுலினோ செல்லாது. ஆகவே மிகுதியாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். இன்சுலின் மட்டும் உடனே குறையாது. அதனால்தான் 4 கிலோ எடையுள்ள பிள்ளைக்கும் சர்க்கரை சரிகிறது. குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை ஆகியவற்றுக்குச் சேமிப்பே குறைவு என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த மற்றக் குழந்தைகளுக்கு முதல் ஓரிரு மணி நேரத்தில் சற்றுக் குறைந்து தானாகவே ஏறிவிடும். அவர்களுக்கு இச்சோதனை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

கருவி 34 மில்லிகிராம் என்று காட்டியது. 45-க்குக் கீழே இறங்கினால் கவனிக்கத் தொடங்குவோம் என்றார் மருத்துவர். குழந்தை சோர்வின்றி இருந்ததால் முதல் மருந்து பால்தான். தங்கை பாலூட்டினாள், பிழிந்தெடுத்த சீம்பாலையும் பாலாடையால் புகட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து 47. அடுத்தடுத்த பாலூட்டலுக்கு முன் எடுத்தபோது 52, பின்னர் 58.

“எப்போது அஞ்ச வேண்டும்?” என்று கேட்டேன். 25-க்குக் கீழே போனாலோ, பாலூட்டிய பின்னும் ஏறாவிட்டாலோ நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிவரும். எண் அவ்வளவு குறையாவிட்டாலும், கைகால் நடுக்கம், துவண்டுபோதல், பால் குடிக்க மறுத்தல், உடல் நீலம்பாரித்தல், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் காத்திருக்க மாட்டார்கள். மூளைக்கு முதன்மையான எரிபொருள் சர்க்கரை. நெடுநேரம் கடுமையாகக் குறைந்தால் மூளைக்கே பாதிப்பு நேரும். குதிகால் கருவி குறைந்த அளவுகளில் சற்றுப் பிசகக்கூடும் என்பதால் ஆய்வுக்கூடத்திலும் உறுதிசெய்வார்கள். ஆனால் அந்த முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை.

இதற்கிடையே உம்மா, “சர்க்கரை குறைவென்றால் நாவில் தேனைத் தடவினால் போதாதா?” என்றார்கள். மருத்துவர் உறுதியாக மறுத்தார். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நச்சு ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். சீனித்தண்ணீரோ சிறு வயிற்றை நிரப்பிச் சீம்பாலுக்கு இடமில்லாமல் ஆக்கிவிடும். உம்மா தேன்குப்பியைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் சோதனைகளும் சரியாகவே இருந்தன, அல்ஹம்துலில்லாஹ். மூன்றாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, குதிகாலில் சிவந்த சிறு புள்ளிகள் மட்டும் எஞ்சியிருந்தன.