சட்டியில் இருந்தால்தான்

பொங்கலுக்கு மரக்காணம் போயிருந்தபோது தம்பி மகன் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாலாம் வகுப்பு. 'கொடி' என்ற சொல்லில் விரலை வைத்து நின்றுவிட்டான். "கெ... கெடி..." படத்தை ஒருமுறை பார்த்தான். "கொடி, பெரிப்பா." இரண்டு வரி தள்ளி அதே சொல் வந்தது. அங்கே படம் இல்லை. மறுபடியும் "கெ".

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் அப்பாவும் இதே திண்ணையில் இப்படித்தான் திணறினான். அவனுக்கு நான் வைத்த பெயர் மக்கு. வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்தேனே தவிர, ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. எட்டாவதோடு அவன் உப்பளத்துக்குப் போய்விட்டான்.

அன்று இரவே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது சொனாலி நாக் 2007இல் கன்னடக் குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை ஓரிரு ஆண்டில் முடித்துவிடலாம். கன்னட எழுத்துகளையோ பிள்ளைகள் நாலாம் வகுப்பு வரைக்கும் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் 247. அதிலும் 'கொ' தனிச் சிக்கல். என் தொழிலில் இது இப்படி இருக்கும்:

```
கொ = U+0B95 U+0BCA
```

முதலில் க, பிறகு ஒகரக் குறி. கணினி ஒலியின் வரிசையில் சேமித்து வைத்துக்கொள்கிறது, திரையில் காட்டும்போதுதான் குறியைப் பிளந்து இரண்டு பக்கமும் போடுகிறது. பிள்ளையின் கையில் கிடைப்பது பிளந்த படம் மட்டும். இடமிருந்து படித்தால் முதலில் 'கெ' தான் வரும்.

அதனால் 'கெடி' என்று படிப்பதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட முடியாது. பல பிள்ளைகள் கொஞ்ச நாள் அப்படிப் படிப்பார்கள். கண், காது சரியா, பள்ளிக்கு ஒழுங்காகப் போனானா என்று முதலில் பார்க்க வேண்டும். நேராகச் சொல்லிக் கொடுத்த பிறகும் தவறு போகாமல் இருப்பதுதான் அடையாளம். ஒரு கதையை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு 'கொமு', 'தேபி', 'மோல' என்று பொருளே இல்லாத பத்துச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். இதில் ஞாபகமும் படமும் உதவாது, எழுத்தை ஒலியாக்கியே ஆகவேண்டும். மூன்று தான் சரி. காதால் கேட்டுப் புரிகிறது, கண்ணால் படிக்கும்போது நின்றுவிடுகிறது. இது நான் போட்ட கணக்கு. முறையாகச் சொல்ல வேண்டியவர் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் உளவியலாளரும்.

அவன் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன். அவர் சொன்னது: "டிஸ்லெக்சியான்னா என்னன்னு பரீட்சையில ஒரு பக்கம் எழுதியிருக்கேன் சார். 'கொ'வில நிக்கிற பையனுக்கு நாளைக்குக் காலையில என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தரல."

இதற்கும் ஆய்வு இருக்கிறது. 2009இல் மலதேஷ் ஜோஷியும் மற்றவர்களும் அமெரிக்காவில் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுப்பவர்களையே சோதித்தார்கள். அசையை எண்ணத் தெரிந்த பலருக்குத் தனி ஒலிகளைப் பிரிப்பதில் தடுமாற்றம். பயிற்றுநரிடம் இல்லாதது அவரிடம் படித்த ஆசிரியரிடமும் இல்லை என்று 2012இல் வந்த தொடர் ஆய்வு காட்டியது. அதற்குப் பைபிளிலிருந்து பேதுருவின் பெயரைச் சொல்கிறார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் ஊரில் சொல்வதும் அதைத்தான்.

டீச்சரும் நானும் ஒரு வழி பிடித்தோம். ஒரு நேரத்தில் ஒகர வரிசை மட்டும். குறியின் இரண்டு பாதிகளும் இரண்டு அட்டையில். வாயால் 'ஒ' என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் வைக்க வேண்டும், நடுவில் க, பிறகு ம, பிறகு ப. சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். தினம் பத்து நிமிஷம். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை, நாளைய பத்தியை இன்றே கொடுத்துவிடுவார். அறிவியல் கேள்வியை அவரே படித்துக் காட்டி, பதிலை வாயால் வாங்கிக்கொள்வார். படிக்க வராததற்காக அறிவியலும் போய்விடக் கூடாதில்லையா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆளும் கூடுதல் நேரமும் கிடைக்கும். ஆனால் பத்தாம் வகுப்பில் வரும் ஆள் நாலாம் வகுப்பின் 'கொ'வைச் சொல்லித் தரமாட்டார்.

மாசி மகத்துக்குப் போனபோது புதிதாகப் பத்துச் சொற்கள் எழுதிக் கொடுத்தேன். ஆறு சரி. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான், 'கோ'வும் 'கொ'வும் குழம்புகின்றன. உப்பளத்திலிருந்து வந்த தம்பி காலைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாத்தித் தண்ணீரைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுகிறவன்.

"அண்ணே, அப்ப எனக்கும் இதேதானா?"

"இருக்கலாம்டா" என்றேன். 'மக்கு'க்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அட்டையை நகர்த்தி அவனுக்கும் இடம் விட்டேன்.