விரிசல் விழும் நொடிக்கான கம்பி

"இந்த பீம்ல லோடே இல்ல மேடம். ரெண்டு பத்து எம்எம் போட்டா தாராளம்." கம்பி மேஸ்திரி சொன்னதும் பொறியாளர் உடனே மறுக்கவில்லை. "இருங்கண்ணே, போட்டுப் பாத்திரலாம்" என்று நோட்டைத் திறந்தார். மதுரைக்கு வெளியே ஒரு வீட்டு வேலை. செங்கல் சுவர்களின்மேல் இரு முனையும் உட்காரும் பீம்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன பீமுக்குப் போகுமுன் கூடத்தின் பெரிய பீமுக்கான கணக்கை எனக்குக் காட்டினார். 4 மீட்டர் நீளம், 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம். எம்20 கான்கிரீட், எஃப்இ500 கம்பி. 120 மி.மீ. தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், தரைப்பூச்சு 1, ஆட்களும் சாமான்களும் 2. பீம் தாங்குவது 3 மீட்டர் அகலத் தளம். தன் எடையும் சேர்ந்தால் மீட்டருக்கு 20. ஒன்றரை மடங்காக்கி 30 என்று கொண்டால், நடுவில் வரும் வளைவுத்திருப்பம் 30 × 4² ÷ 8, அதாவது 60 கிலோநியூட்டன்-மீட்டர்.

அடுத்து வேண்டியது பயனுறு ஆழம். பீமின் மேல்முகத்திலிருந்து கீழ்க்கம்பியின் மையம் வரை உள்ள தூரம் அது. 450-இல் 25 மி.மீ. கவர், 8 மி.மீ. ரிங், 16 மி.மீ. கம்பியில் பாதி ஆகியவை போக 409 மி.மீ. இந்த அளவுள்ள பீம் கீழ்க்கம்பியை மட்டும் நம்பி 102 வரை தாங்கலாம். 60 அதற்குள் அடங்குவதால் மேலே அழுத்தக் கம்பி தேவையில்லை. மேலே கட்டியிருக்கும் இரண்டும் ரிங்குகளைப் பிடித்து நிற்க மட்டுமே, கணக்கில் வராதவை. இனி ஐஎஸ் 456 தரும் சமன்பாட்டிலிருந்து கிடைப்பது:

```
Ast = 0.5 (fck/fy) [1 − √(1 − 4.6 Mu/(fck b d²))] b d
```

விடை 375 சதுர மி.மீ. 16 எம்எம் கம்பி ஒன்றின் பரப்பு 201, இரண்டுக்கு 402. போதும்.

ஆனால் அந்தக் கம்பி, கணக்கில் சொன்ன உயரத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரி கூட்டை அசைத்துப் பார்த்தபோது ஒரு முனையில் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த செங்கல் துண்டு இருந்தது. 50 மி.மீ. இருக்கும். அந்த உயரத்திலேயே கம்பி நடுப்பகுதி வரை போனால் ஆழம் 384 ஆகிவிடும். அதே கம்பியின் தாங்குதிறன் 64-இலிருந்து 60-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். கம்பியை யாரும் குறைக்கவில்லை. ஆனாலும் ஒரு செங்கல் துண்டு இருந்த கூடுதல் பலம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதை உடனே மாற்றினார்கள்.

இப்போது மேஸ்திரி சொன்ன வராந்தா பீம். 3 மீட்டர் நீளம், மீட்டருக்கு 12 கிலோநியூட்டன். கூடத்து பீமோடு அடிமட்டம் ஒத்துப்போக வேண்டும் என்பதால் இதற்கும் அதே 230 × 450. ஒன்றரை மடங்காக்கினாலும் திருப்பம் வெறும் 20. சமன்பாடு கேட்பது 117 சதுர மி.மீ. இரண்டு பத்து எம்எம்மின் பரப்பு 157. மேஸ்திரி சொன்னது சரிதான் என்று எனக்கும் தோன்றியது.

பொறியாளர் இன்னொரு வரி எழுதினார்: `As = 0.85 b d / fy`. இது குறைந்தபட்சக் கம்பிக்கான விதி. பத்து எம்எம் கம்பிக்கு ஆழம் 412. 0.85 × 230 × 412 ÷ 500 = 161. கையில் இருப்பது 157. நான்கு சதுர மி.மீ. குறைகிறது.

"நாலு தானே மேடம்?"

"நாலுன்னாலும் குறைவு குறைவுதாண்ணே. பன்னிரண்டு போட்டுருங்க."

விதி எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் விளக்கினார். விரிசல் விழாத பீமில் இழுவிசையின் பெரும்பகுதியைக் கான்கிரீட்டே தாங்கிக்கொள்கிறது. எம்20-இல் இந்த அளவு பீம் விரிசல் விட ஏறக்குறைய 24 கிலோநியூட்டன்-மீட்டர் வேண்டும். கணக்கு கேட்ட 117-ஐ மட்டும் வைத்திருந்தால் கம்பி நம்பகமாகத் தாங்குவது 20. சாதாரண நாளில் வராந்தாவில் விரிசலே வராது. ஆனால் எதிர்பாராத சுமை ஏறி அது விழுந்தால், அதுவரை கான்கிரீட் தாங்கிய இழுவிசை அந்த நொடியே கம்பிக்கு மாறும். 24-ஐத் தாங்க அதனால் ஆகாது. விரிசல் பெருகி எச்சரிக்க அவகாசமின்றி பீம் முறியும். குறைந்தபட்ச 161 இருந்தால் தாங்குதிறன் 27-ஐத் தாண்டுகிறது. விரிசல் விழுந்த பிறகும் பீம் நிற்கும், தொய்ந்து காட்டும். சுமை குறைந்த, ஆழம் கூடிய பீமில்தான் இந்த ஆபத்து என்பது எனக்குப் புதிது.

அந்த விதியில் கான்கிரீட்டின் தரம் இடம்பெறவில்லை என்பதையும் அவர் சுட்டினார். கான்கிரீட் வலுவானால் விரிசலுக்கான திருப்பமும் கூடும். எம்40-இல் இதே பீமுக்கு அது 34. அங்கே 161 போதாது. அப்படிப்பட்ட இடங்களில் விதியோடு நிறுத்தாமல், விரிசல் திருப்பத்தைத் தனியே கணக்கிட்டு அதற்கு மேல் தாங்கும் அளவு கம்பி வைப்பதாகச் சொன்னார். வராந்தா பீமுக்குப் பன்னிரண்டு எம்எம் இரண்டு, 226 சதுர மி.மீ. மேஸ்திரி பத்து எம்எம்மை உருவிவிட்டு வேறு கம்பியை அளக்க ஆரம்பித்தார்.