ரிமூவ்

ஆறாம் ஆண்டில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளை 20 வருஷம் கழித்து ஜெஞ்சாரோமில் பார்த்தேன். 2024 பிப்ரவரி, சீனப் புத்தாண்டு விடுமுறை. கிள்ளான், பந்திங், சிங்கப்பூர் என்று சிதறிப்போன எல்லோருக்கும் ஒத்துவந்த ஒரே வாரம் அதுதான். தோங் சென் பௌத்த ஆலயத்தின் விளக்குகளைப் பார்க்க வந்த கார்களில் சாலை அடைத்துக்கொள்ள, நான் முக்கால் மணி நேரம் தாமதம். மீஹூன் தீர்ந்திருந்தது.

"உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்று ஒரு தட்டை நீட்டினாள்.

‘96’ படத்துக்குப் பிறகு இப்படிச் சந்திப்புக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. ராமும் ஜானுவுமாக ஆகிவிடத்தான் போகிறோம் என்று ஊரே நினைக்கும். எங்களுக்குள் அப்போது காதல் எதுவும் இல்லை. இருந்தது வேறு.

யு.பி.எஸ்.ஆர். இப்போது இல்லை. அன்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய்மொழியில் கருத்துணர்தல், கட்டுரை இரண்டிலும் குறைந்தது சி எடுத்தால்தான் நேராகப் படிவம் ஒன்று. இல்லையென்றால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, அதாவது ரிமூவ். சீனப்பள்ளிக்கும் இதே விதி, தேசியப் பள்ளிக்குக் கிடையாது. தமிழிலும் கணிதத்திலும் ஏ எடுத்தவள் அவள். மலாய்க் கட்டுரையில் டி. 2004 ஜனவரியில் இருவரும் ஒரே இடைநிலைப்பள்ளிக்குப் போனோம். நான் படிவம் ஒன்று, அவள் ரிமூவ்.

"கேண்டீன்ல ஒருநாள் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. புதுக் கூட்டாளிகளோடு நின்றேன். அதில் ஒருவன், "ரிமூவ் பிள்ளை உனக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். அவளுக்குக் கேட்கும் தூரம்தான்.

"மன்னிச்சிரு" என்றேன். மீஹூனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அந்த வருஷம் பூரா உன்னைத் திட்டிக்கிட்டே மலாய் படிச்சேன். இப்ப தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு மலாய் டியூஷன் எடுக்கறேன். கட்டுரை மட்டும்."

"என்னாலதான்னு சொல்றியா?"

"ரொம்ப ஆசைப்படாதே லா."

சிரித்தாள். ஆறாம் ஆண்டில் எனக்குத் தெரிந்தது அவள் பின்னல் மட்டும்தான். சிரிக்கும்போது முதலில் கண் மூடிக்கொள்ளும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. குழுப்படம் எடுத்தார்கள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

என் கல்யாணம் மூன்று வருஷத்தில் முடிந்துபோனதை நானாகச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்" என்றாள். தனக்கு இன்னும் ஆகவில்லை என்பதை அவளும் நான் கேட்காமலே சொன்னாள். இரண்டு பேருமே அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

கார்வரை கூடவே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை டியூஷன் எத்தனை மணிக்கு முடியும்?"

"பன்னண்டு."

"பன்னண்டரைக்கு வரவா?"

கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். கார்கள் இன்னும் நகரவில்லை.

"லேட்டா வந்தா எடுத்து வைக்க மாட்டேன்" என்றாள்.