அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பாத பதில்

விழுப்புரத்தில் உரமும் விதையும் மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. கணக்கு, குடோன், டெலிவரி என்று எந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றாலும் முதலில் உட்கார்ந்து பேசுவது நான்தான். தேர்வானவர்களுக்கு அன்று மாலையே போன் போகும். தேர்வாகாதவர்களுக்குப் பல ஆண்டுகளாக நான் எதுவும் சொன்னதில்லை. போன், கடிதம், வாட்ஸ்அப்பில் ஒரு வரி, எதுவுமே கிடையாது.

இதை மறதி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். நேர்காணல் முடிந்து எழுந்திருப்பவரிடம், "ரெண்டு நாள்ல நாங்களே கூப்பிடுறோம்" என்பேன். சொல்லும்போதே சிலரை இனி கூப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வதைவிட அது எனக்கு எளிதாக இருந்தது. இன்னொரு கணக்கும் மனதில் ஓடும். எடுத்த ஆள் ஒரு வாரத்தில் நின்றுவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமே, இப்போதே இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் வேறு எங்காவது போய்விடுவாரே என்று. என் வசதிக்காக அவர்களைக் காக்க வைத்தேன். திண்டிவனம், மயிலம், செஞ்சி, விக்கிரவாண்டி என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் அவர்கள். இங்கே பெரிய நிறுவனங்கள் குறைவு. ஒரு கணக்கு வேலை காலியானால் பி.காம். முடித்த பிள்ளைகள் அரை நாள் செலவழித்து வருகிறார்கள். சிலர் அப்பாவையோ அண்ணனையோ கூட்டி வந்து வாசலில் நிற்க வைத்திருப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், திண்டிவனத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வந்த பெண். கணக்கு உதவியாளர் வேலை. எங்களிடம் சின்னதாக ஒரு செயல்முறைத் தேர்வு உண்டு. ஒரு மாதத்துக் கொள்முதல் பில்களையும் அதே மாதத்து ஜிஎஸ்டிஆர்-2பி அச்சையும் கொடுத்து, எது எதில் பொருந்தவில்லை என்று குறிக்கச் சொல்வோம். சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் 14-ம் தேதி வாக்கில் தானாகவே தயாரித்துத் தரும் அறிக்கை அது. அதில் வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். இடைப்பட்ட அந்த ஐந்தாறு நாள்தான் கணக்குப் பிரிவுக்கு மூச்சு முட்டும் நேரம். அந்தப் பெண் பொருந்தாத பில்களையெல்லாம் குறித்துக் கொடுத்தார். ஒரு சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டிருந்ததைக்கூட விடவில்லை. நான் மகிழ்ந்துபோய், "கிட்டத்தட்ட உறுதின்னு வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வேறொருவரை எடுத்தோம். வேலைக்குச் சேர்த்து, மேசையும் கொடுத்தாயிற்று. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "சார், எப்ப வந்து ஜாயின் பண்ணட்டும்? திண்டிவனத்துல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. நீங்க சொன்னதால வேணாம்னுட்டேன்." அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எம்.டி. வெளியூர் போயிருக்காரும்மா, வந்ததும் சொல்றேன்" என்றேன். எம்.டி. பக்கத்து அறையில்தான் இருந்தார். மறுபடி அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் எடுக்கவில்லை.

இவ்வளவுதான் தவறு என்றால் கோழைத்தனம் என்று ஒப்புக்கொண்டு முடித்திருப்பேன். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பழைய விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்தும்போது அவருடைய தாள் கையில் வந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: 'திண்டிவனம், தூரம்.' விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். 14-க்கும் 20-க்கும் நடுவே இரவு எட்டு வரை இருக்க வேண்டியிருக்கும், ஒரு பெண் பிள்ளை அதற்குப் பிறகு எப்படி ஊர் போவாள் என்று நானே யோசித்து, நானே முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு விழுப்புரத்தில் அத்தை வீடு இருந்திருக்கலாம். அண்ணன் வந்து கூட்டிப் போயிருக்கலாம். வர முடியாது என்று அவரே சொல்லியிருக்கவும் கூடும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். தேர்வில் அவரைவிடக் குறைவாகச் செய்த, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பையனை எடுத்தோம்.

அன்றே அவருக்கு மறுப்புச் செய்தி எழுத உட்கார்ந்திருந்தால் 'ஏன்' என்ற இடத்தில் என் கை நின்றிருக்கும். 'உங்கள் ஊர் தூரம் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்' என்று எந்த மனிதரும் எழுத மாட்டார். அதை எழுத முடியவில்லை என்றால் போனை எடுத்து அவரிடம் கேட்டிருப்பேன். பதில் எழுதும் வழக்கமே இல்லாததால் காரணத்தை நான் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். சமீபத்தில் தேர்வாகாத ஒருவருக்கு அனுப்பியதை, பெயரை விட்டுவிட்டு, அப்படியே தருகிறேன்:

"வணக்கம். செவ்வாய்க்கிழமை விழுப்புரம் அலுவலகத்தில் உங்களிடம் பேசியவன் எழுதுகிறேன். கணக்கு உதவியாளர் வேலைக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறொருவரை எடுத்துவிட்டோம், அவர் திங்கட்கிழமை சேர்கிறார். கிரெடிட் நோட்டுகளை 2பி-யோடு ஒப்பிட்டுப் பழகியவர் முதல் மாதத்திலிருந்தே தேவைப்பட்டார். டேலியில் பில் ஏற்றியதை நீங்கள் பிழையில்லாமல் செய்திருந்தீர்கள். உங்கள் சான்றிதழ் நகல்களை அழித்துவிடுகிறோம். மேலும் விவரம் வேண்டுமென்றால் எந்த நாளும் மாலை 4 முதல் 5 வரை இந்த எண்ணில் கூப்பிடலாம். வேறு வேலை வந்தால் எங்களை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். நேரில் வந்ததற்கு நன்றி."

முதலில் எழுதிப் பார்த்த வடிவம் வேறு மாதிரி இருந்தது. அவருடைய ஆர்வத்தைப் பாராட்டி, நிறையப் பேர் விண்ணப்பித்ததைச் சொல்லி, எங்களுக்கு எவ்வளவு கடினமான முடிவு என்று விளக்கி, கடைசியில்தான் 'இல்லை' வந்தது. படிக்கிறவர் அந்த ஒரு சொல்லைத் தேடிக்கொண்டே இறங்குவார், மேலே உள்ள பாராட்டு எதுவும் மனதில் நிற்காது. அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வணிக எழுத்தைக் கற்பித்த கிட்டி லாக்கர், 1999-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்திருக்கிறார். கெட்ட செய்திக்கு முன்னால் மெத்தைபோல விரிக்கும் வரிகள், அதைப் படிக்கிறவருக்கு உதவுவதாக அவருக்குத் தெரியவில்லை. அதனால் முடிவை இரண்டாவது வரிக்கே கொண்டுவந்தேன். 'தேர்ந்தெடுக்கவில்லை' என்பதற்குப் பதில் 'இப்போதைக்கு வாய்ப்பு அமையவில்லை' என்று போட ஒவ்வொரு முறையும் கை போகிறது. போட்டால், அடுத்த மாதம் அமையுமா என்று அவர் காத்திருப்பார்.

காரணத்துக்கு ஒரே வரிதான். கிரெடிட் நோட்டு என்றால், சரக்கு திரும்பினாலோ விலை குறைந்தாலோ சப்ளையர் போடுவது. நம் வரி வரவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். இந்த இளைஞர் அதைக் கூட்டிவிட்டார். இருந்தாலும் 'நீங்கள் தவறு செய்தீர்கள்' என்று எழுதாமல், வேலைக்கு என்ன தேவைப்பட்டது என்று எழுதினேன். எங்கள் பக்கத்து விண்ணப்பங்களில் இருக்கும் போன் எண் பாதிக்குப் பாதி விண்ணப்பித்தவருடையது அல்ல. அப்பாவுடையது, அண்ணனுடையது, திருமணமானவர் என்றால் கணவருடையது. செய்தியை முதலில் படிப்பது வீட்டில் இன்னொருவர். வீட்டிலிருப்பவர் அதைக் காட்டித் திட்டும்படி ஒரு சொல்லும் அதில் இருக்கக்கூடாது. தவறின் முழு விவரத்தை, அவரே கேட்டால், அவரிடம் மட்டும் போனில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதாததற்கும் இதே வீடுதான் காரணம். பிள்ளை படித்து அர்த்தம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்க நான் விரும்பவில்லை.

பாராட்டு ஒரு வரி இருக்கிறது. உண்மையாகக் கண்ணில் பட்டது இருந்தால்தான் அதை எழுதுகிறேன், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன். உங்கள் விவரம் எங்கள் கோப்பில் இருக்கும், வேலை வந்தால் அழைப்போம் என்ற வழக்கமான வரியை அடியோடு எடுத்துவிட்டேன். அந்தக் கோப்பைத் திறந்து யாரையும் நான் கூப்பிட்டதில்லை.

இரண்டாம் இடத்தில் இருப்பவர்தான் உண்மையிலேயே கடினம். முன்பெல்லாம் அவரைத்தான் மௌனத்தில் கட்டி வைத்திருந்தேன். இப்போது நிலைமையை அப்படியே எழுதுகிறேன்: "முதலில் வேறொருவரை அழைத்திருக்கிறோம். அவர் 10-ம் தேதிக்குள் சேராவிட்டால் உங்களைக் கூப்பிடுவோம். எப்படியானாலும் 11-ம் தேதி உங்களுக்குப் பதில் வரும். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள்." இப்படி எழுதியதால் நல்ல ஆட்களை இழந்திருக்கிறோம். எம்.டி.க்கு அதில் வருத்தம்தான். நம் வசதிக்காக இன்னொருவருடைய ஒரு மாதத்தை வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

காரணத்தை எழுத்தில் கொடுத்தால் யாராவது அதை வைத்துச் சண்டைக்கு வருவார்கள் என்றும் அவர் பயந்தார். ஒருவர் வந்தார். தேர்வுத்தாளைக் காட்டச் சொன்னார், காட்டினேன். கல்லூரியில் கிரெடிட் நோட்டைப் பெயருக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோபம் நியாயமானது. செய்தி எவ்வளவு கனிவாக இருந்தாலும் வேலை இல்லாமல்தான் அவர் வீடு திரும்பினார்.

விண்ணப்பத் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். 14 முதல் 20 வரை இரவு எட்டு மணி ஆகும், உங்களால் முடியுமா என்று ஆண், பெண், உள்ளூர், வெளியூர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் நேராகக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையே எழுதிக்கொள்கிறேன். அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு, திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு பெண் எங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். நான் ஏமாற்றியவர் அவர் இல்லை. அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் பின்னர் ஒருமுறை கூப்பிட்டேன். அவருடைய அப்பா எடுத்தார். பொய் சொன்னதையும், ஊரை வைத்து நானாக முடிவெடுத்ததையும், மகளின் தேர்வுத்தாள் நன்றாக இருந்ததையும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் சொல்கிறேன் என்றார். அந்தப் பள்ளி வேலை மறுபடி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைக்கவில்லை என்றார்.