நஷ்டக் கணக்கும் துபாஷியும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள ஒரு மிளகு ஏற்றுமதி நிறுவனத்தின் இயக்குநர் கூட்டத்தில், லண்டனிலிருந்து பேசிய தணிக்கையாளர், நஷ்டம் 42 மில்லியன் ரூபாய் என்றும், வங்கி கடனைப் புதுப்பிக்காவிடில் நிறுவனம் தொடர்ந்து நடப்பது சந்தேகமே என்றும் அறிவித்தபோது, போடிநாயக்கனூரிலிருந்து தொலைபேசியில் இணைந்திருந்த முதிய இயக்குநரின் மனம் நோகாதபடி தொகையை மழுப்பிவிடலாமா என்ற சபலம், துபாஷியாகிய எனக்குள் ஒரு க்ஷணம் எழுந்தது.

ஆயினும், நஷ்டத்தைக் குறைத்துக் கேட்பவர் தம் சொந்தத் தோட்டத்தையே ஜாமீனாக வைக்கத் துணிவார். வங்கியைப் பற்றிய நிபந்தனை விடுபடக் கேட்பவரோ, மீட்சிக்கு மார்க்கம் இருக்கும்போதே பங்குகளை விற்றுவிடுவார். ஆகவே, தொகையைத் தணிக்கையாளரிடம் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டு, 4 கோடியே 20 லட்சம் என்று மாற்றி, அவர் சொன்ன வரிசையிலேயே, நிபந்தனையும் குறையாமல் சொன்னேன்.

“வங்கி என்றைக்கு முடிவு சொல்லும் என்று கேளுங்கள் தம்பி” என்றார் பெரியவர். முழு உண்மையும் கிடைத்தவரால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.