மாடி அறையை நான்தான் எழுதிக் கொடுத்தேன்

நகராட்சி சொத்து வரியைத் திருத்தியபோது என் 1,200 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 2,800 ரூபாய் என்று நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் ரசீதில் 1,260தான். அன்று இரவே ஆட்சேப மனு எழுதினேன். "அதே தெரு, அதே கான்கிரீட் தளம், ஏறக்குறைய அதே அளவு. 1,150 சதுர அடி வீட்டுக்கு 1,260 என்றால் எனக்கு மட்டும் ஏன் 2,800?" என்று கேட்டு, அக்காவின் வரி விதிப்பு எண்ணையும் சேர்த்தேன்.

அந்த 1,150ஐ நான் எழுதியிருக்கக் கூடாது. நகராட்சிப் பதிவேட்டில் அவர் வீடு 900 சதுர அடிதான். மீதி 250, மகனுக்காகப் பிறகு கட்டிய மாடி அறை. அது எழும்பியதை என் திண்ணையிலிருந்து பார்த்தவன் நான். 900 என்று எழுதினால் என் வாதம் வலுவிழக்கும் என்றுதான் 1,150 என்று எழுதினேன்.

வருவாய் ஆய்வாளர் டேப்போடு வந்தார். மாடி அறையை அளந்தார். அக்காவின் வரி 1,610 ஆனது, பழைய நிலுவையும் சேர்ந்தது. என் மனு தள்ளுபடியானது.

இரண்டு வீடுகளின் மொத்த வரியை மோதவிட்டது என் தவறு. சதுர அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். 1,260ஐப் பதிவேட்டில் உள்ள 900ஆல் வகுத்தால் 1.40. சொந்தக் குடியிருப்பாக உள்ள இன்னும் இரண்டு வீடுகளின் ரசீதையும் பரப்பையும் பிறகு வாங்கி வகுத்தேன். அங்கும் 1.40. எனக்கோ 2.33. தெரு ஒன்று, தளம் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க, இவ்வளவு வித்தியாசம் வீட்டின் பயன்பாட்டில்தான் இருக்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி என் வரி விதிப்புப் பதிவின் நகலைக் கேட்டேன். முன்கூடம் 400 சதுர அடி, "கடை" என்று இருந்தது. ஒரு காலத்தில் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்த இடம். அவர் காலி செய்து பல வருடமாகியும் நான் நகராட்சிக்குத் தெரிவிக்கவே இல்லை. எங்கள் ஊரில் கடைக்கு வீட்டைப்போல மூன்று மடங்கு வரி. 800 சதுர அடிக்கு 1,120, கடைக்கு 1,680, கூட்டினால் அதே 2,800.

மூன்று வீட்டுக் கணக்கு, முன்கூடத்தின் படம், வீட்டுக்கான மின்கட்டண ரசீது எல்லாம் வைத்து மறுபடி மனு கொடுத்தேன். இந்த முறை அக்கா வீட்டைச் சேர்க்காமல் வேறொரு வீட்டைக் காட்டினேன். இடத்தைப் பார்த்துவிட்டு 1,680 ஆக்கினார்கள்.

சென்ற வாரம் அக்கா நிலுவை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரோ எழுதிப் போட்டிருக்காங்க தம்பி. நமக்கு யாரு பகை, சொல்லு" என்றார். அவர் வீட்டு வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.