"தனுசு ராசியா? வாயைத் திறந்தா வம்புதான்!"

செம்பாக்கத்தில் ஒரு வீட்டின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மீம் வந்து விழுகிறது. ரிஷபம்: சோறும் தூக்கமும் இருந்தால் போதும், உலகம் அழிந்தாலும் கவலை இல்லை. கடகம்: சீரியல் டைட்டில் சாங்குக்கே அழும். கன்னி: மடித்த போர்வையை மறுபடி மடிக்கும். விருச்சிகம்: 2009-ல் நடந்த சண்டைக்கு இன்னும் பழிவாங்கத் திட்டம் போடும். தனுசு: வாயைத் திறந்தால் வம்பு.

ஐந்து நிமிடத்தில் குழுவே அல்லோலகல்லோலம். "அப்படியே நம்ம அண்ணிதான்!" என்று மச்சினன் சிரிப்பு பொம்மை போடுகிறார். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை, அதை ஸ்டேட்டஸில் வைக்கிறார். அந்த வீட்டின் மகளுக்குத் தனுசு ராசி. அவளும் "நான்தான், நான்தான்" என்று தோழிகளுக்கு அனுப்புகிறாள்.

யாராவது நேரில் வந்து "உனக்கு வாய் ஜாஸ்தி" என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? மீம் சொன்னால் மட்டும் ஏன் இனிக்கிறது?

முதல் காரணம், அந்தக் குறைகள் எல்லோருக்குமே கொஞ்சம் பொருந்துபவை. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு, "இதுதான் உங்கள் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருத்தம் என 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் 39 தாளிலும் இருந்தது ஒரே வாசகம். அதில் பெரும்பகுதியை அவர் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். இந்த ஆய்வு 1949-ல் வெளியானது.

நம் ஊர் மீம்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல மீம்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அங்கே ராசி என்பது பிறந்த தேதியன்று சூரியன் இருக்கும் இடம். நம் வீடுகளில் ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த இடம். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள்தான் தங்கும். போதாக்குறைக்கு இரண்டு கணக்குக்கும் இடையே சுமார் 24 நாள் இடைவெளி வேறு. ஏப்ரல் 5-ல் பிறந்தவர் அவர்கள் கணக்கில் மேஷம். நம் பஞ்சாங்கப்படி அன்று சூரியன் மீனத்தில், சந்திரனோ எந்த ராசியிலும் இருக்கலாம். அதாவது வேறு ஒருவருக்கு எழுதிய குறையைப் படித்துவிட்டு, "அச்சு அசல் நான்தான்" என்கிறோம். சந்தேகம் இருந்தால், ராசிப் பெயர்களை மட்டும் இடம் மாற்றி உங்கள் குடும்பக் குழுவில் போட்டுப் பாருங்கள். எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம், மீம் தேர்ந்தெடுக்கும் குறைகளின் அளவு. தூக்கம், அழுகை, பிடிவாதம், வாய்த்துடுக்கு என்று எல்லாமே வெளியே சொல்லிக்கொள்ளக்கூடியவை. வாய்த்துடுக்கைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் 'மனசில் பட்டதைச் சொல்பவள்' என்ற பெருமை தெரியும். 'கடன் வாங்கினால் திருப்பித் தராது' என்று ஒரு ராசிக்கு எழுதிப் பாருங்கள். அந்த ராசிக்காரர் யாரும் பகிர மாட்டார்.

மூன்றாவது, இது சண்டை இல்லாமல் குறை சொல்லும் வழி. "நீங்க எதையும் முடிவு பண்ண மாட்டீங்க" என்று கணவரிடம் சொன்னால் அன்றைய இரவு சாப்பாடு கெட்டுவிடும். துலாம் மீமை அனுப்பினால் அவரும் சிரிப்பார். பழி ராசியின் மேல் போய்விடுகிறது. சொல்ல வேண்டியதும் சொன்னதாகிவிடுகிறது.

இந்தச் சிரிப்பு எங்கே நிற்கும் என்பது அந்தத் தனுசு ராசிப் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது தெரிந்தது. அவள் நட்சத்திரம் மூலம். "பெண் மூலம் நிர்மூலம்" என்ற சொலவடை மீமை விடப் பழையது. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்று வரிசையாகச் சொல்வார்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். 27-ல் நான்கு என்றால், நூறு பெண்களில் சுமார் 15 பேர் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுவார்கள். அந்தச் சொலவடையே திரிந்துபோனது, மூல நட்சத்திரப் பெண்ணை ஒதுக்கத் தேவையில்லை என்று ஜோதிடர்கள் பலரே விளக்கம் சொல்கிறார்கள். ஆனாலும் தரகர் கேட்ட முதல் கேள்வி, "மாமனார் இல்லாத இடமா பார்க்கட்டுமா?" என்பதுதான்.

மீமும் பிறப்பை வைத்துத்தான் குறை சொல்கிறது, சொலவடையும் அப்படித்தான். மீமைத் தனக்குப் பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். அதை நம்பி யாரும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. சொலவடையில் அந்த உரிமை பெண்ணிடம் இல்லை, எதிர் வீட்டாரிடம் இருக்கிறது.

இரண்டு ஜாதகம் திரும்பி வந்த பிறகு, அவள் தன் வரன் விவரக் குறிப்பைத் தானே திருத்தினாள். கடைசியில் பொடி எழுத்தில் இருந்த நட்சத்திரம் இப்போது பெயருக்குக் கீழே, முதல் வரியில் இருக்கிறது. 'மூலம். தனுசு ராசி. இதைப் பார்ப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.'